விடுப்பில் சென்ற வினைமுற்று: ஓர் ஆய்வு

பள்ளி விடுப்புக் கடிதங்களில் மாணவனுக்கு முன்பே வினைமுற்று விடுப்பில் போய்விடுகிறது என்பதே இவ்வாய்வின் கருதுகோள். பிழைதிருத்தப் பயிற்சிக்கென்றே பிறந்தது போன்ற ஒரு கடிதத்தை எடுத்துக்கொள்வோம்: “எனக்கு நேற்று முதல் காய்ச்சல் அடிப்பதால். பள்ளிக்கு வர இயலவில்லை. இரண்டு நாள் விடுப்பு அளிக்குமாறு பணிவுடன் கேட்டு.” இதிலுள்ள மூன்று முற்றுப்புள்ளிகளில் நடுவில் இருப்பது மட்டுமே நியாயமானது. முதல் துண்டு காரணத்தைச் சொல்லிவிட்டு நிற்கிறது. அதன் விளைவு பக்கத்திலேயே காத்திருக்கிறது. எனவே புள்ளியை எடுத்துவிட்டால் போதும், புது வினை எதுவும் வேண்டாம். கடைசித் துண்டுக்கு அந்த வசதி கிடையாது. ‘கேட்டு’ என்ற வினையெச்சத்தை ஏற்றுக்கொள்ள அதற்குப் பின்னால் யாரும் இல்லை. அதையே ‘கேட்டுக்கொள்கிறேன்’ என்று முடித்தாக வேண்டும். அண்டை வாக்கியம் ஏற்குமா என்று முதலில் பார்ப்பதும், ஏற்காதபோது மட்டும் முற்றைச் சேர்ப்பதும்தான் சரியான வரிசை. இதை மறந்தவர்கள் ‘காய்ச்சல் அடிப்பதால் ஆகும்’ என்று எழுதிவிடுகிறார்கள். ‘ஆகும்’ எல்லா நோய்க்கும் ஒரே மாத்திரையாகப் பயன்படுவது தனி ஆய்வுக்குரியது.

வினைமுற்று இல்லாததெல்லாம் குறை வாக்கியம்தானே என்று கேட்கலாம். ஆங்கில இலக்கணத்துக்கு அந்த அளவுகோல் பெரும்பாலும் பொருந்தும், தமிழுக்குப் பொருந்தாது. ‘இவர் என் வகுப்பாசிரியர்’ என்பதில் வினையே இல்லை, ஆனாலும் குறை இல்லை. பெயரே பயனிலையாக நிற்கிறது. மாறாக, ‘காய்ச்சலில் படுத்திருக்கும் மாணவன்’ என்பதில் வினை படுத்திருக்கிறது, ஆனால் வாக்கியம் எழுந்திருக்கவில்லை. ‘மாணவன் காய்ச்சலில் படுத்திருக்கிறான்’ என்று பெயரெச்சத்தை முற்றாக்கலாம். ‘காய்ச்சலில் படுத்திருக்கும் மாணவன் நான்’ என்றும் முடிக்கலாம். வினை எதையும் கூட்டாமலே வாக்கியம் நிறைந்துவிடுகிறது. ஆகவே தேட வேண்டியது வினையை அல்ல, பயனிலையை.

சொல்லின் வடிவத்தைப் பார்த்தே எச்சத்தைப் பிடித்துவிடலாம் என்போருக்கும் ஒரு சிக்கல் உண்டு. ‘மருந்து கசக்கும்’ முழு வாக்கியம். ‘கசக்கும் மருந்து’ வெறும் துண்டு. சொல் ஒன்றேதான். ‘செய்யும்’ என்னும் இவ்வாய்பாடு முற்றாகவும் பெயரெச்சமாகவும் வரும் என்பது தொல்காப்பியம் தொட்டே தெரிந்த செய்தி. அதற்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்க்காமல் சிவப்பு மையை எடுப்பது அவசரம். ‘இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்’ என்ற கையொப்ப வரியைத் திருத்தக் கிளம்புவது அதைவிட அவசரம். தலைப்பும் முகவரியும் போல அது வாக்கியமாக இருக்க வேண்டிய இடமே அல்ல. ‘கேட்டு’ என்று நிற்கும் கடிதத்துக்குத் தலைமையாசிரியர் விடுப்பு தரலாம். தமிழாசிரியர் மதிப்பெண் தரக் கூடாது.