சர்க்கரை போடாத காபியில் சர்க்கரை எங்கிருந்து வந்தது?

கே: காலை ஆறு மணிக்கு வெறும் வயிற்றில் 118. பாலும் சர்க்கரையும் இல்லாத கடுங்காப்பி குடித்துவிட்டு ஏழு மணிக்குப் பார்த்தால் 136. இந்த 18 எங்கிருந்து வந்தது? (வாசகி, கும்பகோணம்)

உங்கள் கல்லீரலிலிருந்து. காஃபீன் உடம்பில் அட்ரினலினைக் கூட்டுகிறது. அட்ரினலின் கூடினால், சேமித்து வைத்த சர்க்கரையைக் கல்லீரல் ரத்தத்தில் இறக்கிவிடும். அதே நேரத்தில், இன்சுலின் வந்து சொன்னாலும் தசைகள் சர்க்கரையை மெதுவாகத்தான் எடுத்துக்கொள்ளும். வரவு கூடி, செலவு குறைகிறது.

ஆனால் பழி முழுவதையும் காபி மேல் போட்டுவிடாதீர்கள். விடியற்காலையில் கார்டிசால் போன்ற ஹார்மோன்கள் சுரப்பதால், எதுவும் குடிக்காமலே சிலருக்குச் சுகர் ஏறும். குளுக்கோமீட்டரும் அப்படியொன்றும் துல்லியமானதல்ல. 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை கூடக் குறையக் காட்டுவதைத் தர விதிகளே அனுமதிக்கின்றன. உங்கள் 18 அந்த இடைவெளிக்குள்ளேயே அடங்கிவிடும்.

கே: அப்படியானால் எனக்குக் காபிதான் காரணமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? (அதே வாசகி)

மூன்று நாள் காபி, மூன்று நாள் வெந்நீர். ஒரு நாள் விட்டு ஒரு நாள் மாற்றிக் குடியுங்கள். ஆறு நாளும் ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் பாருங்கள். நடுவே எதுவும் சாப்பிட வேண்டாம். வெந்நீர் நாட்களில் 8, 11, 6 என்று ஏறி, காபி நாட்களில் 19, 24, 17 என்று ஏறினால் காபிக்குப் பங்கு உண்டு. இரண்டு வரிசையும் கலந்து கிடந்தால் காபி மேல் பழி இல்லை, நிம்மதியாகக் குடியுங்கள். ஊசி குத்துமுன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைப்பது முக்கியம். வீட்டில் மற்றவர்களுக்குக் காபியில் சர்க்கரை கலக்கிய அதே விரலைக் குத்தினால், ஸ்ட்ரிப் அந்தச் சர்க்கரையையும் சேர்த்துக் காட்டும்.

கே: இட்லியோடு காபி குடிக்கலாமா? (வாசகர், நாமக்கல்)

காஃபீனின் வேலை சாப்பாட்டோடு சேரும்போதுதான் பெரிதாகத் தெரிகிறது. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் லேன் குழுவினர் டைப்-2 சர்க்கரை நோயுள்ள பத்துப் பேருக்கு ஒரு நாள் காஃபீன் மாத்திரையும் ஒரு நாள் வெற்று மாத்திரையும் கொடுத்து, உடலில் பொருத்திய சென்சாரால் பார்த்தார்கள். முடிவு 2008-இல் வெளிவந்தது. எல்லோரும் வழக்கமாகக் காபி குடிப்பவர்கள். அன்று கொடுத்த காஃபீன் மொத்தம் 500 மில்லிகிராம், அதாவது நாலு கப் காபி அளவு. காஃபீன் நாளில் பகல் சராசரி 8 சதவீதம் கூடியது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் 26 சதவீதம்!

பத்துப் பேரை வைத்து ஊருக்கே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நாளுக்கு நாலைந்து டம்ளர் குடித்து, சாப்பாட்டுக்குப் பின் சுகர் இறங்காமல் தவிப்பவர்கள் முதலில் காபியைக் குறைத்துப் பார்க்கலாம். சிக்கரியில் காஃபீன் கிடையாது. ரோபஸ்டா கொட்டையில் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு உண்டு. பொடி வாங்கும் கடையில் என்ன கொட்டை, எவ்வளவு சிக்கரி என்று கேளுங்கள்.

கே: நான் சிகரெட் பிடிப்பதில்லை, நிகோடின் சூயிங்கம் மட்டும்தான். அதிலும் சுகர் ஏறுமா? (வாசகர், திருப்பூர்)

சிலருக்குக் கொஞ்சம் ஏறும். நிகோடினும் அட்ரினலினைத் தட்டி எழுப்புகிறது, இன்சுலின் வேலையை மந்தமாக்குகிறது. அதற்காகச் சூயிங்கம்மைத் துப்பிவிட்டுச் சிகரெட்டுக்குப் போய்விடாதீர்கள். புகை இதயத்தையும் ரத்தக் குழாய்களையும் கெடுப்பதோடு ஒப்பிட்டால் இந்த ஏற்றம் ஒன்றுமேயில்லை. மருத்துவர் சொன்ன காலத்தில் படிப்படியாகக் குறைத்து நிறுத்துங்கள்.

கே: பீடியை விட்டு ஒரு மாதமாகிறது. சுகர் இறங்கும் என்று பார்த்தால் ஏறுகிறது, கையும் படபடக்கிறது. திரும்பப் பிடிக்கட்டுமா? (வாசகர், தென்காசி)

வேண்டவே வேண்டாம். எத்தனை டம்ளர் காபி குடிக்கிறீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். புகையிலுள்ள தார்ப் பொருட்கள், காஃபீனை உடைக்கும் கல்லீரல் நொதியை முடுக்கிவிடும். அதனால் புகைபிடிப்பவர் உடம்பில் காஃபீன் சீக்கிரம் கரைந்துவிடும். பீடியை விட்டதும் அந்த வேகம் சில நாளிலேயே தணிந்துவிடுகிறது. நீங்கள் குடிப்பது பழைய அளவுதான், ரத்தத்தில் தங்குவது ஏறக்குறைய இரு மடங்கு. படபடப்புக்கும் இது காரணமாக இருக்கலாம். காபியைப் பாதியாக்குங்கள். பசி கூடி எடை ஏறியிருந்தால் அதுவும் சுகரை ஏற்றும். இந்த ஏற்றம் நிலைக்காது. பீடியை விட்ட பலன் மெல்ல மெல்லத்தான் வரும். படபடப்பின்போது ஒரு முறை சுகர் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் காபி காரணமல்ல, தாழ் சுகர். உடனே சர்க்கரை சாப்பிட்டுவிட்டு, மாத்திரை அளவு பற்றி மருத்துவரிடம் பேசுங்கள்.

கே: வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனைக்கு முன் கடுங்காப்பி குடிக்கலாமா? (வாசகி, கரூர்)

கூடாது. தண்ணீர் மட்டும். சிகரெட்டும் கூடாது, ரத்தம் கொடுத்த பிறகுகூட வேண்டாம். காபி அப்புறம் குடிக்கலாம்.