நாலு பேரை மேய்த்தவர்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், ஏசி நேராக அடிக்கிற மேஜையாகப் பார்த்து உட்கார்ந்திருக்கும் இவரை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மெக்கானிக்கல் டிப்ளமோ. ஒரு வருட அப்ரண்டிஸ் முடித்தாயிற்று. இப்போது செல்போனில் இரண்டு கட்டைவிரலாலும் பயோடேட்டா செதுக்கிக்கொண்டிருக்கிறார். டெக்னீஷியன் வேலைக்கு ஒன்று, சூப்பர்வைசர் வேலைக்கு ஒன்று. வித்தியாசம் போட்டோவில்தான்: இரண்டாவதில் டை கட்டியிருப்பார்.

முதல் பத்தியான 'குறிக்கோள்' சீனியரிடமிருந்து வந்தது. சீனியருக்கு அவருடைய சீனியர் கொடுத்தது. அந்த ஆதி சீனியர் சாப்ட்வேர் கம்பெனிக்கு எழுதியிருக்கிறார் போல; நம்மவர் லேத் பட்டறையில் 'கோடிங் திறனை மேம்படுத்த' விரும்புகிறார்.

எங்கள் ஹவுசிங் போர்டில் ஒரு ரிட்டயர்டு ஃபோர்மேன் உண்டு. கிண்டி எஸ்டேட்டில் முப்பது வருடம். இவருடைய பயோடேட்டாவை டீக்கடையில் வைத்துப் படித்தார்.

"நாலு பேரை மேற்பார்வையிட்டேன்னு போட்டிருக்கியே, யாருப்பா அந்த நாலு பேரு?"

"ஷிஃப்ட்ல அண்ணனுங்க, சார். டீ வாங்கியாறது நான்தான்."

"அதை விடு. 'தண்டு கடைசல், 0.005 மில்லிமீட்டர் துல்லியம்'. எதுல அளந்தே?"

"வெர்னியர்ல, சார்."

ஃபோர்மேன் டீயைக் கீழே வைத்தார். பட்டறையில் கிடக்கிற வெர்னியரின் மிகச் சிறிய கோடு 0.02. மைக்ரோமீட்டரே பொதுவாக 0.01 வரைதான் காட்டும். "காய்கறிக் கடைத் தராசுல மூக்குத்தி நிறுத்திருக்கே. இன்டர்வியூல இந்த ஒரு கேள்விதான் கேப்பான். அதோட மிச்ச வரியும் பொய்யின்னு முடிவு கட்டிடுவான். நெஜமா என்ன செஞ்சே?"

கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. 25 மில்லிமீட்டர் தண்டு. கடைசி அளவுக்குக் கொண்டுவருவது கிரைண்டிங்கில். இவர் லேத்தில் 25.4-க்குக் கடைந்து, அந்த 0.4-ஐ கிரைண்டிங்குக்கு விட்டுவைப்பார். அதற்கு வெர்னியர் தாராளம்.

"இதை அப்படியே எழுது. எவ்வளவு விட்டே, எதுக்கு விட்டேன்னு தெரிஞ்சவனைத்தான் மெஷின்கிட்ட விடுவான்."

சூப்பர்வைசர் பயோடேட்டாவுக்கும் ஏதோ இருந்தது. ஷிஃப்ட் முடிவில் எத்தனை பீஸ், எத்தனை ரிஜெக்ட், ஒவ்வொன்றும் ஏன் ரிஜெக்ட் என்று நோட்டில் எழுதியது இவர்தானாம். அண்ணன்களுக்கு எழுத அலுப்பு. டீயை எழுதியவர் இதை எழுதாமல் விட்டிருக்கிறார்!

எல்லாவற்றையும் திருத்திக்கொண்டார். 'குறிக்கோள்' போயிற்று. டை மட்டும் இருக்கட்டும் என்றார். எழுந்து போனவர் பாதியில் திரும்பி வந்தார்.

"சார், எங்க ஸ்டோர்ல மைக்ரோமீட்டர் கண்ணாடிப் பொட்டிக்குள்ள இருக்கும். தினம் பாத்திருக்கேன். அதைப் போட்டுக்கலாமா?"