ஐந்து நிமிட வேலை

கணக்குப் பிரிவில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவன் நான். அடுத்தவர் வவுச்சரில் ஐம்பது பைசா இடித்தால்கூடத் திருப்பி அனுப்பியவன். அப்பேர்ப்பட்டவன் தன்னுடைய பழைய சம்பளக் கணக்கை மூடப் போனபோது, "ஐந்து நிமிட வேலை" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். படிவத்தை நிரப்ப நிஜமாகவே ஐந்து நிமிடம்தான் ஆனது. கோளாறே அதுதான்.

'இந்தக் கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கப்படும் தொகைகள்' என்றொரு கட்டம் இருந்தது. 'இல்லை' என்று எழுதினேன். கையிலிருந்த ஸ்டேட்மென்ட் ஜூலை முதல் தேதியிலிருந்து தொடங்கியது; அதில் ஒன்றும் பிடிபடவில்லை, அதுவே ஆதாரம். வருடத்துக்கு ஒருமுறை மட்டும் தலைகாட்டும் பிடித்தங்கள் இரண்டு மாதத் தாளில் எப்படித் தெரியும்? பிரதமர் விபத்துக் காப்பீட்டுக்கு மே கடைசியில் போகும் 20 ரூபாய் அதில் இல்லை. டிசம்பரில் போகும் ஆயுள் காப்பீட்டுப் பிரீமியமும் இல்லை. கணக்கை மூடினால் அந்த 20 ரூபாய்த் திட்டத்தில் இருக்கும் இரண்டு லட்ச ரூபாய்ப் பாதுகாப்பும் சேர்ந்தே போய்விடும். பிரீமியத்துக்கான மேன்டேட்டோ, மூடிய கணக்கின் கதவை டிசம்பரில் தட்டிவிட்டுத் திரும்பியது. காப்பீட்டு நிறுவனத்தின் குறுஞ்செய்தியை முதலில் பார்த்தவள் மனைவி. வருடப் பிரீமியத்துக்கு முப்பது நாள் சலுகை உண்டு என்பதால் பாலிசி பிழைத்தது. வீட்டில் என் மானம் பிழைக்கவில்லை. பதின்மூன்று மாத ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்திருந்தால் இரண்டும் கண்ணில் பட்டிருக்கும். நடப்பில் இருக்கும் மேன்டேட் பட்டியலைக் கிளையில் கேட்டாலே கொடுத்திருப்பார்கள். கேட்டால்தானே.

அடுத்த கட்டம், பயன்படுத்தாத காசோலைகள். 'ஆறு தாள்' என்று எழுதி நீட்டினேன். கவுன்டரில் இருந்த பெண் வாங்கிப் பார்த்தார்.

"எண்ணிக்கை வேண்டாம் சார், நம்பர் போடுங்க."

கடைசியாக வாங்கிய புத்தகம் 401 முதல் 425 வரை. பணமாகிப் போனவை பதினேழு என்று அவர் திரையைப் பார்த்துச் சொன்னார். குறுக்கே கோடு போட்டு 'கேன்சல்டு' என்று எழுதிக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்தது ஒன்று. கையில் ஆறு. கூட்டினால் இருபத்துநான்கு.

"411 எங்க சார்?"

புத்தகத்தின் முன்பக்கத்தில் யாருக்கு, எவ்வளவு என்று குறித்து வைக்க ஒரு தாள் உண்டு. வாழ்நாளெல்லாம் பிறரைக் குறிப்பு எழுதச் சொல்லிக் கழுத்தறுத்தவனின் புத்தகத்தில் அந்தத் தாள் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. வீட்டுக்குப் போன் போட்டேன். "ஃபிரிட்ஜ் வாங்கினப்போ கடைக்காரர்கிட்ட கையெழுத்துப் போட்டு ஒண்ணு குடுத்தீங்களே" என்றாள். தவணை முடிந்து எத்தனையோ காலமாயிற்று. தொகையும் தேதியும் எழுதாமல், கையெழுத்து மட்டும் போட்ட தாள். தேதி போட்ட காசோலை மூன்று மாதத்தில் செத்துவிடும். தேதி போடாததற்கு அந்தக் கெடு ஓடவே தொடங்கியிருக்காது. கணக்கை மூடிவிட்டால் காசோலை வழக்கு வராது என்ற நினைப்பு எனக்கும் இருந்தது. 'கணக்கு மூடப்பட்டது' என்று திரும்பினாலும் 138ஆவது பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 1999லேயே சொல்லிவிட்டது. கடன் பாக்கி இல்லை என்று வாதாடலாம்தான். ஆனால் அலைவது நானாக இருப்பேன். மூடும் மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, 411க்கு ஸ்டாப் பேமென்ட் கடிதம் கொடுத்தேன். கடையில் போய் நின்றால் அவர் பழைய கோப்பைப் புரட்டி, இரண்டாம் பக்கத்திலேயே எடுத்துத் தந்தார். அவர் கணக்கு சுத்தமாக இருந்தது.

இவ்வளவுக்கும் பிறகாவது அடங்கியிருக்கலாம். ஆகஸ்ட் 22 அன்று கணக்கை மூடி, இறுதி ஸ்டேட்மென்ட்டைக் கையில் கொடுத்தார்கள். கடைசி வட்டி 108 ரூபாய் வரவு, மொத்தமும் புதுக் கணக்குக்கு மாற்றம், இருப்பு சைபர். நான் துண்டுத் தாளில் போட்டிருந்த கணக்கு வேறு. ஜூன் வரை வட்டி ஏற்கெனவே வந்துவிட்டது. ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 21 வரை 52 நாள், இருப்பு 40,000, வட்டி 2.5 சதவீதம். 142 ரூபாய் வரவேண்டும்.

"34 ரூபாய் குறையுதும்மா" என்றேன். பின்னால் நின்றவர்களுக்கும் கேட்கட்டும் என்று சற்று உரக்கவே.

அந்தப் பெண் ஸ்டேட்மென்ட்டில் ஒரு வரியைப் பேனாவால் தொட்டார். ஆகஸ்ட் 5, 30,000 ரூபாய் பற்று. புதுக் கணக்கு சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க நானே அனுப்பியது. சேமிப்புக் கணக்கில் ஒவ்வொரு நாளும் முடியும்போது என்ன இருப்போ அதற்குத்தான் வட்டி. 2010 ஏப்ரலிலிருந்து அதுதான் முறை. முதல் 35 நாளுக்கு 40,000 மேல் 95 ரூபாய் 89 காசு. மீதி 17 நாளுக்கு வெறும் 10,000 மேல் 11 ரூபாய் 64 காசு. கூட்டி முழு ரூபாயாக்கினால் 108.

"சரிதானே சார்?" என்றார். பின்னால் நின்றவர்களுக்கு அதுவும் கேட்டிருக்கும்.