தொண்ணூறு வினாடிக்குள் மூன்று நிமிடத்தை அடைப்பது எப்படி?

மாரி தொடங்கப்போகிறது. சாவகச்சேரி வளவுகளில் சிரட்டை, டயர், பூச்சாடி எல்லாம் மழைத் தண்ணீருக்குத் தயாராகக் கிடக்கின்றன. டெங்கு பற்றி ஒன்றரை நிமிட விளக்கக் காணொளி ஒன்று வேண்டும் என்று கேட்டிருக்கிறார்கள். படம் கீற ஆள் இருக்கிறார். குரல் கொடுக்க ஒரு தங்கச்சியும் இருக்கிறா. எழுத்து மட்டும் உங்கள் பொறுப்பு. பயப்படவேண்டாம். கீழேயுள்ள படிகளில் பாதியை நீங்கள் ஏற்கெனவே ஒழுங்காகச் செய்துவருகிறீர்கள். மிச்சத்தையும் பழகிக்கொள்ளுங்கள்.

1. ஆங்கிலக் கணக்கை அப்படியே தூக்கி வாருங்கள்.

நிமிடத்துக்கு 150 சொல் என்பது ஆங்கிலக் குரல்பதிவில் எல்லாரும் சொல்லும் கணக்கு. அப்படியானால் ஒன்றரை நிமிடத்துக்கு 225 சொல். தமிழிலும் 225 சொல்லை எழுதி முடித்துவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போங்கள். தமிழ்ச் சொல் வேற்றுமை, காலம், இடம் எல்லாவற்றையும் தன் முதுகில் ஏற்றிக்கொண்டு நீளுமே என்று யோசிக்காதீர்கள்.

சிலர் வேறு விதமாக எண்ணுவார்கள். புள்ளி வைத்த எழுத்தை விட்டுவிட்டு, உயிரும் உயிர்மெய்யும் எத்தனை என்று மட்டும் பார்ப்பார்கள். நிதானமாக விளக்கம் சொல்லும் குரலில் வினாடிக்கு அப்படி ஐந்து எழுத்து போகும். ஒரு சொல்லுக்குச் சராசரி நான்கு எழுத்து என்று வைத்தாலும், உங்கள் 225 சொல் 900 எழுத்தாகிவிடும். ஐந்தால் பிரித்தால் 180 வினாடி, அதாவது முழுசாக மூன்று நிமிடம். இந்த ஆட்களோடு சேராதீர்கள். அவர்கள் தங்கச்சியை ஒரு நிமிடம் வாசிக்கவைத்து, அவவின் சொந்த வேகத்தையே எண்ணிப் பார்த்துவிடுவார்கள். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை என்று தொல்காப்பியம் எழுத்துக்கு நேரம் குறித்தது உண்மைதான். ஆனால் அது பரீட்சைக்குப் படிப்பதற்கு. காணொளிக்கு அல்ல.

2. தொண்ணூறு வினாடியும் குரலுக்கே என்று முடிவு செய்யுங்கள்.

தொடக்கத்தில் இலச்சினை வந்து நிற்க நான்கு வினாடி, கடைசி அட்டைக்கு ஐந்து வினாடி, காட்சிக்குக் காட்சி மூச்சுவிட எல்லாமாக ஆறு வினாடி. இந்தப் பதினைந்தையும் கழித்தால் குரலுக்கு 75 வினாடிதான் மிஞ்சும். அது 375 எழுத்து, சொல்லில் சொன்னால் தொண்ணூறு சொச்சம். இந்தக் கழித்தலை ஒருபோதும் செய்யாதீர்கள். இலச்சினை எப்படியும் இடம் பிடிக்கும். இடிபடப்போவது உங்கள் வசனம்தான்.

3. வணக்கத்தோடு தொடங்குங்கள், வளமாக.

“அனைவருக்கும் எமது இனிய வணக்கத்தைத் தெரிவித்துக்கொள்வதில் மட்டற்ற மகிழ்ச்சியடைகின்றோம்.” எண்ணிப் பாருங்கள், 32 எழுத்து. ஆறு வினாடிக்கு மேல் போய்விட்டது, நுளம்பு இன்னும் படத்துக்குள் வரவில்லை. இனி அனுசரணை வழங்கியோரின் பெயர்களைப் பதவியோடு வாசிப்பியுங்கள். கைபேசியில் பார்க்கிறவர் இதற்குள் விரலால் தள்ளிவிட்டு அடுத்த காணொளிக்குப் போயிருப்பார். அவர் போனது உங்களுக்குத் தெரியவராது. ஆகவே மனம் நோகாது.

4. எண்களை இலக்கத்தில் எழுதுங்கள்.

2017இல் இலங்கை தன் வரலாற்றிலேயே மிகப் பெரிய டெங்குப் பரவலைக் கண்டது. அந்த ஆண்டு பதிவான தொகை 186,101. தாளில் அது ஒரு சின்னச் சொல் அளவு இடம்தான் பிடிக்கிறது. தங்கச்சியோ “ஒரு இலட்சத்து எண்பத்தாறாயிரத்து நூற்றொன்று” என்று 16 எழுத்தை வாய் நிறைய உருட்டவேண்டும். மூன்று வினாடி அதோடு சரி. “இலட்சத்து எண்பதினாயிரத்துக்கும் மேல்” என்று சொல்லிவிட்டுச் சரியான தொகையைத் திரையில் காட்டலாம் என்று யாராவது சொன்னால், துல்லியத்தில் சமரசம் இல்லை என்று நெஞ்சை நிமிர்த்துங்கள்.

தொலைபேசி இலக்கத்தையும் வாசிப்பியுங்கள். 021இல் தொடங்கும் பத்து இலக்கம், இடையிடையே நிறுத்தத்தோடு ஏழெட்டு வினாடி. ஒருக்கால் கேட்டவர் எழுதியிருக்கமாட்டார், எனவே இரண்டு தரம். படத்தில் ஆறில் ஒரு பங்கு இப்போது தொலைபேசிக்கு. திரையில் அது எழுத்தில் நிற்பதை மறந்துவிடுங்கள்.

5. சுற்றறிக்கைத் தமிழில் பேசுங்கள்.

“கொட்டுங்கோ” என்றால் மூன்று எழுத்து. இது மரியாதைக் குறைவு. “அப்புறப்படுத்துமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றீர்கள்” என்று எழுதுங்கள், 17 எழுத்து. யார் கேட்கிறார், யார் செய்யவேண்டும் என்பது இரண்டும் தெளிவில்லாமல் போவது இதன் கூடுதல் நன்மை. அலுவலகப் பெயர்களையும் சுருக்காதீர்கள். “சாவகச்சேரி சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை” ஒருமுறை சொல்ல 20 எழுத்து, நான்கு வினாடி. ஒரு முறை சொன்னால் போதுமா? ஐந்து முறை சொல்லுங்கள். தங்கச்சி மூன்றாவது தரம் “வைத்திய” என்ற இடத்தில் நாக்குப் புரண்டு நிற்பா. திரும்பவும் முதலிலிருந்து பதியுங்கள்.

6. திரையில் தெரிவதைக் குரலிலும் சொல்லுங்கள்.

படம் கீறியவர் இரண்டு நாள் உழைத்து ஒரு பழைய டயரையும் அதற்குள் மழைத் தண்ணீரையும் கீறியிருக்கிறார். அவரை நம்பாதீர்கள். “இதோ, இங்கே ஒரு பழைய டயரில் மழைநீர் தேங்கியிருப்பதைக் காணலாம்” என்று எழுதுங்கள். 24 எழுத்து, ஏறக்குறைய ஐந்து வினாடி.

ஓர் எச்சரிக்கை. அதே ஐந்து வினாடிக்குள் “தண்ணியைக் கொட்டுங்கோ. தொட்டியைத் தேய்ச்சுக் கழுவுங்கோ. ஏழு நாளுக்கு ஒருக்கால்” என்ற முழுச் செய்தியும் அடங்கிவிடும். 23 எழுத்துத்தான். முட்டை நுளம்பாக ஒரு கிழமையிலிருந்து பத்து நாள் எடுப்பதால்தான் அந்த ஏழு நாள். ஒட்டிக்கிடக்கும் முட்டை காய்ந்தாலும் மாதக்கணக்கில் உயிரோடு இருப்பதால்தான் அந்தத் தேய்ப்பு. இதைச் சொல்லிவிட்டால் படமே முடிந்துவிடும். ஆகவே டயரைப் பற்றியே பேசிக்கொண்டிருங்கள்.

7. நேரம் பார்க்கும்போது வாயைத் திறக்காதீர்கள்.

மனதுக்குள் வாசித்துக் கைபேசியில் நேரம் பாருங்கள். கண் வரியைத் தாவும். நெடில் குறுகும், இலக்கம் இலக்கமாகவே போகும், காற்புள்ளியில் யாரும் நிற்கமாட்டார்கள். மூன்று நிமிட எழுத்து அழகாகத் தொண்ணூறு வினாடியில் முடியும். சத்தமாக, எழுந்து நின்று, படத்தைப் பார்த்தபடி, காட்சி காட்சியாக நேரத்தைக் குறித்துக்கொண்டு வாசித்தால் உண்மை வெளிவந்துவிடும். வீட்டில் ஆட்கள் இருக்கிறார்கள், வெட்கம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளுங்கள்.

8. யார் எதைச் சேர்க்கச் சொன்னாலும் சேர்த்துவிடுங்கள், எதையும் எடுக்காதீர்கள்.

பார்வையிட வந்த பெரியவர் சொல்வார்: “பிள்ளை, யாழ்ப்பாணத்தில் இந்த நுளம்பு உவர்த் தண்ணியிலையும் பெருகுதாம். 2011இலேயே ஆராய்ச்சி வந்தது. ஒரு வசனம்தானே, அதுவும் கிடக்கட்டும்.” அவர் சொன்னது சரி. கடல்நீரேரியை ஒட்டிக் கிடக்கும் தென்மராட்சிக்கு அது தெரிந்திருக்கவேண்டிய விசயம்தான். அதனாலேயே “சேர்க்கிறேன் ஐயா, அதற்குப் பதிலாக எந்த வசனத்தை எடுக்கட்டும்?” என்று கேட்கக்கூடாது. அப்படிக் கேட்டால் அவர் யோசிப்பார். யோசித்தால் அனுசரணையாளர் பெயரை எடுத்துவிடவும் கூடும். வசனத்தைச் சேர்த்துவிட்டு, எழுத்தின் அளவைச் சிறிதாக்குங்கள். தாள் ஒரு பக்கமாகவே இருக்கும்.

9. மிஞ்சினால் வேகத்தைக் கூட்டுங்கள்.

எப்படியோ முக்கித் தக்கி, தங்கச்சி இரண்டு நிமிடத்தில் வாசித்து முடித்துவிட்டா என்று வைப்போம். எடிட் செய்யும் தம்பியிடம் சொல்லுங்கள், 120 வினாடி 90 ஆகவேண்டும் என்று. அவர் வேகத்தை 133 வீதமாக்குவார். சுருதி மாறாமல் இருக்கவும் மென்பொருளில் வழி உண்டு. குரல் கீச்சிடாது. எல்லாம் சரிபோலத் தெரியும்.

ஆனால் தமிழில் ஒற்றுக்கும் நேரம் உண்டு. இரட்டித்த எழுத்தில் நாக்கு ஒரு கணம் தங்கி நிற்கவேண்டும். ஏற்கெனவே அவசரத்தில் வாசித்த குரலை மேலும் நெருக்கினால் அந்தத் தங்கல்தான் முதலில் தேயும். “தண்ணியைக் கொட்டுங்கோ” என்று எழுதியது “தண்ணியைக் கொடுங்கோ” என்று காதில் விழும். நுளம்புக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லும் முதல் சுகாதாரக் காணொளி என்ற பெருமை உங்களைச் சேரும். பத்து வீதத்துக்கு மேல் போகாமல், மிச்சத்தை வசனத்தில் குறைத்தால் இந்த வாய்ப்புக் கை நழுவிவிடும்.

10. அப்படியும் அடங்காவிட்டால் கடைசியில் வெட்டுங்கள்.

வேகத்தைக் கூட்ட மனமில்லையா? சரியாக 90ஆவது வினாடியில் கத்தரியுங்கள். வணக்கம் முன்னால் இருக்கிறது, தப்பியது. பெயர்கள் தப்பின. 2017இன் தொகை தப்பியது. டயர் தப்பியது. நீங்கள் முறைப்படி அறிமுகம், பிரச்சினை, காரணம் என்று கட்டிவந்ததால், “ஏழு நாளுக்கு ஒருக்கால்” என்பதைக் கடைசியில் வைத்திருப்பீர்கள். அது மட்டும்தான் போகும். செய்யவேண்டிய காரியத்தை முதலில் எழுதி, 20ஆவது வினாடிக்குள் ஒருமுறையும் முடிவில் ஒருமுறையும் சொல்லி, மிச்ச இடத்துக்குத்தான் மற்றவை என்று வைக்கிற ஆட்களுக்கு இந்த வெட்டு ஒன்றும் செய்யாது. அவர்களிடம் வெட்ட எதுவும் இருப்பதில்லை.

11. சரியான கேள்வியைக் கேட்டு முடியுங்கள்.

காணொளியைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் காட்டுங்கள். “எப்படி இருக்கு?” என்று மட்டும் கேளுங்கள். “நல்ல வடிவாய் இருக்கு” என்பா. அத்தோடு கைபேசியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுவிடுங்கள். “இனி என்ன செய்வியள் அக்கா?” என்று தப்பித்தவறியும் கேட்டுவிடாதீர்கள்.