நன்றியுரையாளரின் விண்ணப்பம்

பெறுநர்: ஆண்டு விழாக் குழுவினர், நம் கல்லூரி
பொருள்: நன்றியுரைக்கு இரண்டு நிமிடமும், கேட்பதற்கு ஆட்களும் கோருதல் – தொடர்பாக

பெருமதிப்பிற்குரிய குழுவினருக்கு,

வணக்கம். இந்த ஆண்டு விழா அழைப்பிதழின் மாதிரிப் படி கிடைத்தது. சிறப்பு விருந்தினரின் பெயர் தங்க நிறத்தில் இருக்கிறது. தாளாளர் ஐயாவின் படம் அவரே வெட்கப்படும் அளவுக்கு இளமையாக இருக்கிறது. எல்லாவற்றுக்கும் கீழே, நாட்டுப்பண்ணுக்கு மேலே, அச்சகத்தார் வைத்திருக்கும் எழுத்துகளிலேயே சிறியதில், நன்றியுரை என்று போட்டு என் பெயர். துறையில் யார் இளையவரோ அவருக்கே நன்றியுரை என்ற மரபு இந்த ஆண்டும் காக்கப்பட்டிருக்கிறது. மகிழ்ச்சி. ஒப்புதல் தருமுன் சில சொற்கள்.

நம் விழாவில் நேரக்கணக்கு உள்ளவை இரண்டே. தொடக்கத்தில் பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தை 55 நொடியில் பாட வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு அரசாணையே சொல்லிவிட்டது. முடிவில் பாடும் நாட்டுப்பண்ணுக்கு ஏறத்தாழ 52 நொடி. இவை இரண்டும் ஒரு நொடி பிசகுவதில்லை. நடுவில் இருப்பவைதான் பிரச்சினை. பத்து நிமிட வரவேற்புரை இருபதாகிறது. ஆண்டறிக்கையில் ஒவ்வொரு துறையும் நடத்திய ஒவ்வொரு கருத்தரங்கும் தேதி வாரியாக வருகிறது. தலைமையுரை, வாழ்த்துரை, மற்றுமொரு வாழ்த்துரை. இப்படி எல்லாரும் எடுத்துக்கொண்ட நேரத்தை யாராவது திருப்பிக் கட்ட வேண்டுமே, அந்தப் பொறுப்பு நன்றியுரைக்கு வருகிறது. “சார், சீக்கிரம் முடிச்சிடுங்க” என்று தொகுப்பாளர் காதோடு சொல்வது அப்போதுதான்.

அதற்குள் சிறப்பு விருந்தினர், ‘அடுத்த நிகழ்ச்சிக்குச் செல்ல வேண்டியிருப்பதால்’ புறப்பட்டுவிட்டிருப்பார். அவரைக் கார் வரை வழியனுப்பத் தாளாளரும், தாளாளரை வழியனுப்ப முதல்வரும், முதல்வரைத் தொடர்ந்து துறைத்தலைவர்களும் போயிருப்பார்கள். கலைநிகழ்ச்சியும் முடிந்துவிட்டதால் பெற்றோர் பிள்ளைகளைத் தேடிக்கொண்டிருப்பார்கள். நான் மேடையேறி, வெள்ளைத் துண்டு போர்த்திய வெற்று நாற்காலிகளைப் பார்த்து, “இவ்வளவு நேரம் எங்களோடு இருந்து சிறப்பித்த” என்று தொடங்குவேன். மைக்செட்காரர் ஒயரைச் சுருட்டத் தொடங்கிவிட்டிருப்பார். கல்யாணப் பந்தியில் இலையை எடுத்த பிறகு பாயசத்தோடு வந்து நிற்பவனின் நிலைதான் எனக்கு.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது, நிரலைத் தவிர. நன்றியுரைக்கும் நாட்டுப்பண்ணுக்கும் பிரிக்க முடியாத உறவு இருப்பதாக நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அப்படி விதி எதுவும் இல்லை. நாட்டுப்பண் விழாவை முடித்து வைக்கிறது. நன்றியுரை முடித்து வைப்பது விழாவின் பேச்சுப் பகுதியை மட்டுமே. ஆகவே பரிசளிப்பு முடிந்தவுடன், விருந்தினர் நாற்காலியில் இருக்கும்போதே, கலைநிகழ்ச்சிக்கு முன்பாக என்னை அழையுங்கள். தங்கள் பிள்ளை இன்னும் ஆடவில்லை என்பதால் பெற்றோர் ஒருவரும் எழ மாட்டார்கள். நன்றியுரைக்கு இதைவிட உறுதியான பாதுகாப்பு வேறில்லை. நாட்டுப்பண் எப்போதும்போலக் கடைசியில் இருக்கட்டும்.

அடுத்து, குழு கொடுத்தனுப்பும் பட்டியல். போன முறை அதில் 46 பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னால் அடைமொழிகளை நீங்களே அடைத்துக் கொடுத்துவிட்டீர்கள். ‘கல்வி வள்ளல், கருணையின் உறைவிடம், எங்கள் தாளாளர் உயர்திரு இன்னார் ஐயா அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றியைத் தெரிவித்துக்கொள்வதில் பெருமகிழ்ச்சி அடைகிறேன்’ என்பதை மூச்சு வாங்காமல் சொல்ல 12 நொடி ஆகிறது. 46 பேருக்கு 552 நொடி, அதாவது ஒன்பது நிமிடத்துக்கும் மேல். இதில் நன்றி என்ற சொல்லுக்கு ஒரு நொடி, மற்றதெல்லாம் அலங்காரம். அடைமொழியைத் தொகுப்பாளர் சொல்லியாகிவிட்டது, வரவேற்புரையாளர் சொல்லியாகிவிட்டது, பொன்னாடை போர்த்தும்போதும் சொல்லியாகிவிட்டது. நான்காம் முறை கேட்கும்போது வள்ளலுக்கே சலித்துவிடும்.

நேரத்தைத் தின்பவை இன்னும் உண்டு. மேடையில் இருப்பவர்களை ஒவ்வொருவராக விளித்துத் தொடங்குவது வரவேற்புரையாளரின் வேலை. ‘அவையோர் அனைவருக்கும் வணக்கம்’ என்றால் எனக்குப் போதும். விருந்தினர் பேசியதைச் சுருக்கி அவருக்கே திரும்பச் சொல்வது அதைவிட மோசம். அவர் பேச்சில் ஒரு செய்தியை மட்டும் எடுத்து, அதற்காக நன்றி சொன்னால், கேட்டுக்கொண்டிருந்தோம் என்பது அவருக்குப் புரிந்துவிடும். அப்புறம், பேருந்து எங்கே நிற்கிறது, யாருடைய வண்டிச் சாவி கிடைத்திருக்கிறது என்ற அறிவிப்புகளையும் என் தலையில் கட்டாதீர்கள். அவற்றுக்குத் தொகுப்பாளர் இருக்கிறார்.

வரிசை பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி இல்லைதான். ஆனால் போன முறை குழுக் கூட்டத்தில் அறக்கட்டளைப் பரிசு நிறுவியவர் முன்னா, வார்டு உறுப்பினர் முன்னா என்ற விவாதம் டீ ஆறும் வரை நடந்ததைக் கூடவே இருந்து பார்த்தவன் நான். பார்த்ததில் எனக்குத் தோன்றிய முறை இதுதான்: முதலில் விருந்தினர், அடுத்து தலைமை தாங்கியவர். மேடையில் இந்த இரண்டு பேருக்கு மேல் தனிப்பெயர் தேவைப்படுவது அரிது. அதன்பின், வர வேண்டிய கட்டாயம் இல்லாமல் வந்தவர்களும் கொடுத்தவர்களும்: பரிசு அளித்தவர்கள், பெற்றோர், செய்தியாளர், காவல்துறையினர். வீட்டு ஆட்கள் அதற்குப் பிறகுதான். முதல்வர், பேராசிரியர்கள், அலுவலகம், மாணவர்கள் என்று. நிறைவாக, உடம்பால் உழைத்தவர்கள். பந்தல், ஒலி, சமையல், துப்புரவு. இவர்களை ‘மற்றும் பலருக்கும்’ என்ற ஒரே சாக்கில் கட்டிவிடுவது நம் வழக்கம். யார் பெயருமே தெரியாத இடத்தில் அந்தச் சொல் வரலாம். அரங்கைக் கூட்டுகிற அம்மாவின் பெயர் நம் எல்லாருக்கும் தெரியும்.

துண்டுச் சீட்டைப் பற்றிச் சொல்லாமல் இந்த விண்ணப்பம் நிறைவு பெறாது. போன முறை நான் பாதி பேசிக்கொண்டிருக்கையில், மேடையின் பக்கவாட்டிலிருந்து ஒரு கை நீண்டது. இனிப்புக் கடை ரசீதின் பின்பக்கம். நெய் படிந்து எழுத்து மறுபக்கம் தெரிந்தது. ‘இவரையும் சேர்க்கவும், அவசியம்’ என்று எழுதி, அடியில் இருமுறை கோடு. பெயர் இருந்தது, முன்னெழுத்து இல்லை. அவர் யார், என்ன செய்தார் என்றும் இல்லை. நம் ஊரில் அந்தப் பெயரில் ஒரு ஒப்பந்தக்காரரும் இருக்கிறார், ஓய்வு பெற்ற தலைமையாசிரியரும் இருக்கிறார். “அன்புச் சகோதரர்” என்று பொதுவாகச் சொல்லி வைத்தேன். இரண்டு பேரும் தமக்குத்தான் என்று எடுத்துக்கொண்டிருந்தால் நல்லது. இரண்டு பேருமே எடுத்துக்கொள்ளவில்லை என்று பிறகு தெரிந்தது.

இதற்கு மருந்து எளிது. பட்டியல் முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கு மூடப்பட வேண்டும். குழுவில் ஒருவர், ஒரே ஒருவர், முன்னெழுத்து, பதவி, பெயரைச் சொல்லும் விதம் எல்லாவற்றையும் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டும். வெளியூர் விருந்தினர் என்றால் அவருடைய உதவியாளரிடம் தொலைபேசியில் கேட்டு, பெயரை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். ஐந்து மணிக்குப் பிறகு நினைவுக்கு வருபவர்களுக்கு, மறுநாள் கல்லூரி முகவரித்தாளில் முதல்வர் கையெழுத்துடன் ஒரு கடிதம் போகட்டும். மைக்கில் கேட்ட பெயர் காற்றோடு போகும். கடிதத்தை அவர்கள் சட்டம் போட்டு மாட்டுவார்கள்.

குழுவின் பார்வைக்கு, இந்த ஆண்டுக்கான வரைவை இத்துடன் வைக்கிறேன். பெயர்கள் வர வேண்டிய இடத்தில் ‘இன்னார்’ என்று விட்டிருக்கிறேன். விருந்தினர் பேசப்போவதை அன்றைக்குக் கேட்டுத் திருத்திக்கொள்வேன்:

“அவையோர் அனைவருக்கும் வணக்கம். எங்கள் அழைப்பை ஏற்று வந்து, முதல் வேலைக்கு விண்ணப்பம் எழுதும்போது எதை எழுதக்கூடாது என்று சொல்லித்தந்த முனைவர் இன்னார் அவர்களுக்கு நன்றி. தலைமை ஏற்ற தாளாளர் இன்னார் அவர்களுக்கு நன்றி. அறக்கட்டளைப் பரிசுகளை நிறுவிய குடும்பத்தினருக்கும், கோப்பைகளை வழங்கிய முன்னாள் மாணவர்களுக்கும், வெளியூரிலிருந்து பேருந்து மாறி வந்திருக்கும் பெற்றோருக்கும், செய்தியாளர்களுக்கும், வாசலில் வண்டிகளை ஒழுங்குபடுத்திய காவலர்களுக்கும் நன்றி. விழாவுக்கு வழிகாட்டிய முதல்வர் இன்னார் அவர்களுக்கும், பேராசிரியர்களுக்கும், அலுவலக நண்பர்களுக்கும் நன்றி. வகுப்பு முடிந்து இருட்டும் வரை ஒத்திகை பார்த்த மாணவர்களுக்கும், அவர்களுக்காக அரங்கைப் பூட்டாமல் காத்திருந்த இரவுக் காவலர் இன்னாருக்கும் நன்றி. பந்தலும் ஒலியும் ஒளியும் அமைத்தவர்களுக்கும், அடுப்படியில் இருப்பதால் இதைக் கேட்க முடியாத சமையல் குழுவினருக்கும், நேற்று இந்த அரங்கைக் கூட்டி, நாளையும் கூட்டவிருக்கும் இன்னார் அம்மாவுக்கும் நன்றி. பொறுமையாக அமர்ந்திருக்கும் உங்களுக்கும் நன்றி. கலைநிகழ்ச்சி தொடங்குகிறது. வணக்கம்.”

நிதானமாக, பெயர்களுக்கு இடம் விட்டுப் படித்தாலும் இரண்டு நிமிடத்துக்குள் அடங்குகிறது. கைதட்டலுக்காக எங்கும் நிறுத்தவில்லை. தாளாளருக்குக் கொடுத்த அதே ‘நன்றி’யைத்தான் துப்புரவுப் பணியாளருக்கும் கொடுத்திருக்கிறேன் என்பதைக் குழு கவனிக்கக்கூடும். அடைமொழி கட்டாயம் வேண்டுமென்றால் இருவருக்குமே சேர்த்துவிடலாம், எனக்கு ஆட்சேபனை இல்லை.

ஆவன செய்யுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நிரந்தர நன்றியுரையாளர்

பி.கு.: மேற்கண்டவற்றில் எதுவும் இயலாது என்று குழு முடிவு செய்தால், அடுத்த ஆண்டு ஆண்டறிக்கையை எனக்குக் கொடுத்துவிடுங்கள். தடுப்பாரின்றி முப்பத்தைந்து நிமிடம் பேச எனக்கும் ஆசைதான்.