மௌனத்துக்கும் முதிர்வுத் தேதி உண்டு

பீச் ஸ்திரீட்டில் ஒரு வங்கி இயந்திரம் என் கணக்கில் 500 வெள்ளியைக் கழித்துக்கொண்டது, நோட்டைத் தரவில்லை. கிளையில் எழுதிக் கொடுத்தேன். "பார்க்கிறோம் அங்கிள்" என்றாள் கவுண்டர்ப் பெண். இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பினாங்கு ஸ்திரீட் செட்டியார் கிட்டங்கியில், 'இல்லை' என்பதையாவது முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பார்கள்.

மேலே போக 2025 ஜனவரி முதல் 'நிதிச் சந்தை ஆம்புட்ஸ்மன் சேவை' இருக்கிறது. கட்டணம் கிடையாது. வங்கியின் இறுதி முடிவுக் கடிதம் கிடைத்து ஆறு மாதத்துக்குள் போக வேண்டும். பதிலே போடாதவரிடம் இறுதிப் பதிலை எங்கே வாங்குவது? நல்லவேளை, புகார் கொடுத்து 60 நாள் ஆகியும் பதில் இல்லையென்றால் அந்த மௌனமே போதும். நிரந்தர வைப்புக்கு நாள் எண்ணுவதுபோல் எண்ணினேன். வட்டிதான் இல்லை.

61ஆம் நாள் நான்கு பக்கம் பொரிந்து தள்ளினேன். மனைவி படித்துவிட்டு மூன்றரைப் பக்கத்தை அடித்தாள். மிஞ்சியவை: பணம் எடுக்கப் போன தேதி, மணி, இயந்திரம் இருந்த இடம், தொகை, புகார் எண், கேட்கும் தீர்வு. இணைப்பாகக் கணக்கு அறிக்கையும், கிளை முத்திரை விழுந்த புகார் நகலும். முத்திரை இல்லாத நகல் வெறும் கதைதான்.

மரியாதைக்குக் கிளைக்கும் ஒரு பிரதி அனுப்பினேன். மறுநாளே பதில் வந்தது: "உங்கள் புகாரைப் பெற்றுக்கொண்டோம்."