கதவுக்கு மூன்று மாதம், விற்பனையாளருக்கு மூன்று மணி நேரம்

விடுநர்: தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம், வேளச்சேரி வட்டாரக் கடைகளில் பணிபுரிவோரும், நாளை வேலையா விடுப்பா என்பதை இன்றிரவு ஒன்பது மணிக்கு மேல் அறியும் பேறு பெற்றோருமாகிய விற்பனையாளர்கள்.

பெறுநர்: தமிழ்நாடு அரசின் தொழிலாளர் நலத் துறைச் செயலாளர், தலைமைச் செயலகம், சென்னை.

பொருள்: முறைப்பட்டியலை முன்கூட்டியே ஒட்டுவதும் ஒட்டியதை மாற்றாதிருப்பதும் தொடர்பாக.

பெருமதிப்பிற்குரியீர்,

பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் கடைகள் ஆண்டின் எல்லா நாள்களிலும் இருபத்து நான்கு மணி நேரமும் திறந்திருக்கலாம் என்று 2019இல் மூன்றாண்டுகளுக்கு அனுமதித்து, 2022இல் அதை மேலும் நீட்டித்த அரசாணையை ஜி.எஸ்.டி. சாலையின் இருமருங்கிலும் உள்ள விற்பனையாளர்கள் நன்றியுடன் நினைவுகூர்கிறார்கள். ஒவ்வொரு பணியாளருக்கும் சுழற்சி முறையில் வாரம் ஒரு நாள் விடுமுறை தர வேண்டும் என்பதோடு அந்த ஆணை நின்றுவிடவில்லை. விடுமுறையிலும் விடுப்பிலும் இருப்பவர்களின் விவரத்தை நாள்தோறும் கடையில் காட்சிக்கு வைக்க வேண்டும் என்றும் அது விதித்தது. இதன் பயனாக, இன்று யார் விடுமுறையில் இருக்கிறார் என்பதை ஆய்வாளரும் வாடிக்கையாளரும், வேலைக்கு வந்திருக்கும் சக பணியாளர்களும் அறிந்துகொள்ள முடிகிறது. அறிய வாய்ப்பில்லாத ஒரே நபர், வீட்டில் இருக்கும் அந்த விடுமுறையாளர்தான். அவருக்கு அந்தச் செய்தி முந்தைய நாள் இரவே சூப்பர்வைசரின் வாட்ஸ்அப் குழு வழியாகச் சேர்ந்திருக்கும் என்று ஆணை நம்புகிறது போலும்.

முறைப்பட்டியல் என்பது எந்தப் பணியாளர் எந்த நாளில் எந்த ஷிப்டில் வர வேண்டும், எந்த நாள் அவருடைய வீக் ஆஃப் என்பதைக் கட்டம் போட்டுக் காட்டும் தாள். கடைகளில் இதை ஷிப்ட் சார்ட் என்பார்கள். அந்தத் தாளை எத்தனை நாள் முன்னதாக ஒட்ட வேண்டும் என்றோ, ஒட்டியபின் எத்தனை முறை திருத்தலாம் என்றோ ஆணை வாய் திறக்கவில்லை. சட்டம் இயற்றுவோருக்கு இந்தக் கலை தெரியாததால் நேர்ந்த விடுபாடு என்று இதைக் கொள்ள இயலாது. 1942ஆம் ஆண்டின் வார விடுமுறைச் சட்டம், மாநில அரசு அறிவித்த இடங்களில், கடை வாரத்தில் ஒரு நாள் முழுவதும் மூடியிருக்க வேண்டும் என்றும், அந்த நாளைக் கடைக்காரர் நிலையான அறிவிப்பாக எழுதி வைக்க வேண்டும் என்றும், அப்படி எழுதிய நாளை மூன்று மாதத்துக்கு ஒரு முறைக்கு மேல் மாற்றக்கூடாது என்றும் விதித்தது. இரும்பு ஷட்டரின் ஓய்வுநாள் மூன்று மாதத்துக்காவது மாறாதிருக்க வேண்டும் என்று வெள்ளையர் ஆட்சிக்காலத்திலேயே ஒருவர் கவலைப்பட்டிருக்கிறார். ஷட்டருக்குத் தடுப்பூசி போட வேண்டிய குழந்தையோ, ஊரிலிருந்து வரும் மாமியாரோ இல்லை என்பது அப்போது கவனத்துக்கு வராமல் போயிருக்கலாம்.

தொழிற்சாலைகள் இதில் இன்னும் கொடுத்து வைத்தவை. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 61ஆம் பிரிவில், வேலை நேரங்களை முன்னரே வகுத்து அறிவிப்பாகக் காட்சிக்கு வைக்கும்படி கூறியது. வேலை முறையை மாற்ற விரும்பும் நிர்வாகம் மாற்றத்துக்கு முன்பே ஆய்வாளருக்கு இரண்டு படிகளில் தெரிவிக்க வேண்டும் என்றும், அவருடைய முன் அனுமதி இல்லாவிட்டால் கடைசி மாற்றத்திலிருந்து ஒரு வாரம் கழியும்வரை அடுத்த மாற்றம் கூடாது என்றும் அதே பிரிவு தடுத்தது. தாம்பரம் சானடோரியத்தில் 1984இல் அமைந்த ஏற்றுமதி வளாகத்தின் தொழிற்கூடங்களுக்குப் பொருந்திய இந்த ஒழுங்கு, அங்கிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள ஜவுளிக்கடைக்குள் நுழைந்ததில்லை. 2021இல் இதே மாநிலம்தான் கடைப் பணியாளருக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று சட்டம் திருத்தியது; உட்கார்ந்தபடியே நாளைய ஷிப்டை எதிர்பார்க்கும் வசதி அதனால் கிடைத்திருப்பதை மறுப்பதற்கில்லை.

எடுத்துக்காட்டுக்காகப் பன்னிரண்டு விற்பனையாளர்கள் உள்ள ஒரு கற்பனைக் கடைப் பிரிவை எண்ணிப் பார்க்கலாம். பன்னிரண்டு பேருக்கு ஏழு நாள் என்றால் முறைப்பட்டியலில் 84 கட்டங்கள். புதன்கிழமை மாலை ஒருவர் காய்ச்சலில் விழுகிறார். மறுநாளுக்குரிய அவருடைய கட்டம் மாறுவதை எந்த அரசாலும் தடுக்க முடியாது. சூப்பர்வைசர், வியாழனன்று வீக் ஆஃப் உள்ள இரண்டாமவரை இரவு ஒன்பது மணிக்கு அழைத்து, ‘நாளை வந்துவிடும்மா, சனிக்கிழமை ஆஃப் எடுத்துக்கொள்’ என்கிறார். சனிக்கிழமை கூட்டமுள்ள நாள், ஆகவே அன்று ஏற்கெனவே ஆஃப் பெற்றிருந்த மூன்றாமவருக்கு அது வெள்ளிக்குத் தள்ளப்படுகிறது. ஒரு காய்ச்சல், ஐந்து கட்டங்கள். அவற்றில் நான்கு, காய்ச்சலே இல்லாத இருவருடையவை. இப்படி வாரத்தில் மூன்று முறை நேர்ந்தால் 84இல் 15 கட்டங்கள், அதாவது ஏறத்தாழ 18 விழுக்காடு, ஒட்டிய தாளிலிருந்து விலகிவிடும். சுவரில் ஒட்டியதன் முதல் நகலையும் வார இறுதி வருகைப் பதிவேட்டையும் அருகருகே வைத்து, மாறிய கட்டங்களை எண்ணினாலே இந்த விகிதம் வந்துவிடும். இதற்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டியதில்லை. பெரும்பாலும் முதல் நகல் கிழித்தெறியப்பட்டுவிடுவதால்தான், கேட்கும்போதெல்லாம் நிர்வாகங்களால் ‘எப்போதாவதுதான் மாறும்’ என்று மனச்சான்றுடன் சொல்ல முடிகிறது.

மாற்று ஆளின்றிச் சிறு கடைகள் என்ன செய்யும் என்ற எதிர்வாதம் நியாயமானது; ஆனால் கணக்குப் போட்டபின் எழுப்பினால் இன்னும் நியாயமாக இருக்கும். பன்னிரண்டு பேர் ஆளுக்கு ஆறு நாள் வந்தால் வாரத்துக்கு 72 ஆள்-ஷிப்டுகள் கிடைக்கின்றன. கவுண்டர்களுக்கு நாள்தோறும் ஒன்பது பேர் போதுமென்றால் தேவை 63, எஞ்சியவை ஒன்பது. அந்த ஒன்பதையும் நாளுக்கு ஒருவர், கூட்டமுள்ள இரண்டு நாள்களில் இருவர் என்று முன்கூட்டியே பெயர் குறித்து ‘ரிசர்வ்’ என எழுதிவிட்டால், யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அசைவது அந்த ஒருவரின் கவுண்டரோ ஷிப்ட் நேரமோ மட்டும்தான். எவருடைய வீக் ஆஃபும் தொடப்படாது. ரிசர்வாக இருப்பவரும் அன்று தன் நேரம் மாறலாம் என்பதை முன்னரே அறிந்திருப்பார். இப்போதும் இந்த உபரி ஆள்கள் கடையில் இருக்கிறார்கள், ஆனால் எந்தப் பெயரும் இல்லாமல் எல்லா நாள்களிலும் சிதறிக் கிடக்கிறார்கள், ஆகவே பன்னிரண்டு பேருமே நிரந்தர ரிசர்வாகிவிடுகிறார்கள். கவுண்டர்களுக்குப் பத்துப் பேர் வேண்டுமென்றால் தேவை 70 ஆகி, மிச்சம் இரண்டுதான். அப்போது எந்தப் பட்டியலும் தாங்காது, பதின்மூன்றாமவரை வேலைக்கு எடுக்கத்தான் வேண்டும். அந்தச் செலவை இன்று பன்னிரண்டு குடும்பங்கள் தங்கள் வியாழக்கிழமைகளால் செலுத்திவருகின்றன.

திடீர்த் தேவை என்னும் காரணத்தையும் இங்கே மரியாதையுடன் பரிசீலிக்க வேண்டும். ஆடித் தள்ளுபடி ஆண்டுதோறும் ஆடி மாதத்திலேயே வந்து நிர்வாகங்களைத் திடுக்கிட வைக்கிறது. தீபாவளி, ஓராண்டுக்கு முன்பே அச்சாகும் நாள்காட்டியில் சிவப்பு மையில் ஒளிந்திருந்து பாய்கிறது. அட்சய திருதியையும் அத்தகையதே. உண்மையான திடீர் என்றால் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் தென்சென்னைப் புறநகரை நீரில் மூழ்கடித்தது போன்றது; அதற்கு விலக்கு அளிக்க யாரும் மறுக்கமாட்டார்கள். அமெரிக்காவின் ஆரிகன் மாநிலம் 2017இல் இயற்றிய சட்டமே இயற்கைச் சீற்றத்துக்கு விலக்கு தருகிறது. ஐந்நூறு பேரோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருக்கும் சில்லறை, உணவு, விடுதி நிறுவனங்களுக்கான அந்தச் சட்டம், 2018இல் ஏழு நாள் என்று தொடங்கி 2020இல் பதினான்கு நாள் முன்னறிவிப்பைக் கட்டாயமாக்கியது; வேலை நேரம் குறையாமல் நாளையோ நேரத்தையோ மாற்றினால் ஒரு மணி நேரக் கூலி கூடுதல், நேரத்தைக் குறைத்தால் இழந்த மணிகளுக்குப் பாதிக் கூலி என்று அது விலை வைத்தது. மாற்றத்துக்கு விலை வைத்ததும், எது உண்மையில் தவிர்க்க முடியாதது என்பதை மேலாளர்கள் தாமாகவே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதுதான் அதன் உட்கிடை.

முன்னறிவிப்பு மட்டும் போதாது என்பதற்கும் சான்று உண்டு. ஜோன் வில்லியம்ஸ், சூசன் லாம்பர்ட், சரவணன் கேசவன் ஆகியோர் கேப் ஆடை நிறுவனத்தின் 28 கடைகளில் 35 வாரம் நடத்தி 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஒப்பிடப்பட்ட இரு தரப்புக் கடைகளிலுமே இரண்டு வார முன்னறிவிப்பு ஏற்கெனவே நடைமுறையில் இருந்தது. அவற்றில் ஒரு தரப்பில் ஷிப்டுகளின் தொடக்க முடிவு நேரங்களையும் வாரந்தோறும் வரும் ஆள்களையும் நிலைப்படுத்தியபோது, அங்கே விற்பனை 7 விழுக்காடும் உழைப்பின் விளைதிறன் 5 விழுக்காடும் உயர்ந்தன. பட்டியலைக் கலைத்தவற்றுள் வாடிக்கையாளரின் மனநிலை மட்டும் இல்லை. சரக்கு வரும் நாளையும் விற்பனைச் சலுகையையும் கடைசி நேரத்தில் மாற்றும் தலைமை அலுவலகத்துக்கும் அதில் பெரும்பங்கு இருந்தது. குரோம்பேட்டைக் கிளையின் சூப்பர்வைசரைத் திட்டுவோர், அவருக்கு லாரி வரும் நேரத்தை யார் எப்போது சொன்னார் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அரசாணையின் இன்னொரு நிபந்தனை இந்த இடத்தில் தானாகவே சிக்கிக்கொள்கிறது. பெண் பணியாளர்களை இரவு எட்டு மணிக்குமேல் வேலை வாங்க எழுத்துபூர்வ ஒப்புதல் வேண்டும் என்றும், போக்குவரத்து வசதியைப் பற்றிய அறிவிப்பை நுழைவாயிலில் வைக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. எந்தெந்த இரவுகள் என்று தெரியாத நிலையில் தரப்படும் ஒப்புதல் எல்லா இரவுகளுக்குமான ஒப்புதலாகிவிடுகிறது. கூடுவாஞ்சேரிவரை ஓட வேண்டிய வேனின் ஓட்டுநருக்கோ, யாரை எங்கே இறக்குவது என்ற பட்டியல் முன்னதாகவே வேண்டியிருக்கிறது. பெண்ணுக்கு முன்பே அவருடைய ஷிப்ட் வேனுக்குத் தெரிந்திருக்கும் நிலை இப்படித்தான் உருவாகிறது.

ஆகவே விற்பனையாளர்கள் புதிய சட்டம் எதையும் கேட்டுத் துறையைச் சிரமப்படுத்த விரும்பவில்லை. ஆணை அடுத்து நீளும்போது, விடுமுறை விவரம் காட்சிக்கு வைக்கும் அதே பலகைக்கு இரு நிபந்தனைகளைச் சேர்த்தால் போதும்: வாரப் பட்டியல் தொடங்குவதற்குப் பதினான்கு நாள் முன் தேதியிட்டு ஒட்டப்பட்டு, அதன் முதல் நகல் மூன்று மாதம் பாதுகாக்கப்பட வேண்டும், பணியாளர்கள் தங்களுக்குள் மனமொத்து மாற்றிக்கொள்வது தவிர, நிர்வாகம் மாற்றும் ஒவ்வொரு வீக் ஆஃபும் சிவப்பு மையில் காரணத்துடன் குறிக்கப்பட வேண்டும். முன்னறிவிப்பு நாள்களை மட்டும் கேட்டால், நிர்வாகங்கள் ஒரு மாதப் பட்டியலை அழகாக அச்சிட்டு ஒட்டிவிட்டு மறுநாளே அடித்துத் திருத்தத் தொடங்கும். மாற்றங்களை மட்டும் எண்ணினால், பட்டியலை முந்தைய இரவில் ஒட்டி மாற்றமே இல்லை என்று காட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஆய்வாளருக்கு அரை மணி நேரம் பிடிக்கும்.

இக்கடிதத்துக்கான பதிலைப் பதினான்கு நாள்களுக்குள் எதிர்பார்ப்பதாகவும், இடையில் கடிதத்தின் தேதி மாற்றப்படமாட்டாது என்றும் விற்பனையாளர்கள் உறுதியளிக்கிறார்கள்.

நகல்: ஜி.எஸ்.டி. சாலைக் கடைகளின் மேலாளர்களுக்கு. காரணங்கள் ஆடி மாதம் பிறப்பதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டால் நலம்.